ஐந்து நாள் என்று சொன்ன பிளவுஸ்: வேலைக்கு நாள் குறிப்பது பற்றிக் கேள்வி பதில்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் 19 வருடம் இருந்தேன். எந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

தர்மபுரி, தையல் கடை: 22 வருஷமா தைக்கிறேன். ஆரி வேலை பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். அப்படியும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியறதில்ல. பத்து ரசீதோட கணக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க.

அக்கா, ஊசி ஓடுகிற நேரத்தில் உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும். நாட்களை இழுப்பது ஊசி ஓடாத நேரம். லைனிங் துணி நிறம் சேராது, அளவு பிளவுஸைக் கொடுக்க மறந்திருப்பார்கள், கரண்ட் போகும், நடுவில் ஒருத்தர் அவசரம் என்று வந்து நிற்பார். தேதி சொல்லும்போது மனதில் ஓடுவது துணியை வெட்டுவது, தைப்பது, கொக்கி வைப்பது என்கிற நேரான கதை மட்டும்தான். அதில் இவை எதுவுமே வராது.

இதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே பிளானிங் ஃபாலசி, அதாவது திட்டமிடுவதில் வரும் பிழை என்று பெயர் வைத்து எழுதினார்கள். பழைய தாமதங்கள் நமக்கு நினைவில் இல்லாமல் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதனால் ஒவ்வொன்றையும் ‘அன்றைக்கு மட்டும் அப்படி’ என்று ஒதுக்கிவிடுகிறோம். காரணம் மாறிக்கொண்டே இருந்தாலும் தாமதம் மாறாமல் இருப்பது கண்ணில் படுவதில்லை.

உங்கள் ரசீதுகளுக்கு வருவோம். பத்துக்கும் ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஆன நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன்: 5, 6, 6, 7, 7, 8, 9, 10, 10, 14. சொன்ன நாளில் முடிந்தது ஒன்றே ஒன்று. ஏழு நாள் என்று சொல்லியிருந்தால் பத்தில் ஐந்து பேருக்குச் சொன்னபடி கொடுத்திருப்பீர்கள். பத்து நாள் என்றால் ஒன்பது பேருக்கு.

ஆக, முகூர்த்தத் தேதி இருக்கிறவர்களுக்குப் பத்து நாள் சொல்லுங்கள். சும்மா கட்டிக்கொள்ளக் கேட்பவர்களுக்கு ஏழு, எட்டு போதும். பதினான்கு நாள் ஆனதற்குப் பெண் வீட்டார் நூல் நிறத்தை மாற்றச் சொன்னதுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தனி விவகாரம் என்று கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அடுத்த பத்திலும் அப்படி ஒன்று வேறு உருவத்தில் வரும். அப்புறம், துணி தயாரான தேதியைக் குறியுங்கள், வாடிக்கையாளர் வந்து வாங்கிப்போன தேதியை அல்ல.

ஓசூர், லேத் பட்டறை: இதுக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு? தோணுற நாளை ரெண்டால பெருக்கிச் சொல்லிட்டா முடிஞ்சது. நான் அப்படித்தான் செய்யறேன்.

பாதி சரி தம்பி. தோன்றுகிற நாளை நம்பக் கூடாது என்பது சரி. ஆனால் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது? அக்காவின் ஆரி வேலைக்கு ஐந்து பத்தானது, அது அவர் ரசீது சொன்ன கணக்கு. அதே கடையில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலைக்கு இரண்டு மடங்கு சொன்னால் ஆள் வர மாட்டார்கள். உங்கள் பட்டறையிலும் வழக்கமாகச் செய்கிற புஷ்ஷும் முதல்முறை செய்கிற பாகமும் ஒன்றல்ல. இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பெருக்கிப் பழகியவர்களுக்கு நாளடைவில் முதலில் தோன்றுகிற நாளே கூடிவிடுகிறது. அதையும் மறுபடி பெருக்குவார்கள். பெருக்குவதற்கு முன் தோன்றிய எண்ணை நோட்டில் எழுதி வைத்தால்தான் உங்கள் மடங்கு எது என்று தெரியும்.

பென்னாகரம்: என் பையன் குரூப் 4-க்குப் படிக்கிறான். எந்நேரமும் போன்தான். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்ன வழி சார்?

இது வேறு விஷயம் அம்மா, தள்ளிப்போடுவது. நான் பேசுவது, சொன்ன நாளில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்தும் நாள் தாண்டிப்போவதைப் பற்றி. அவன் பாடம் தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் குறித்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். தொடங்குவதே தாமதம் என்றால் என் கணக்கு உதவாது.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் தொழிற்சாலை பராமரிப்புப் பிரிவு: வேலையைச் சின்னச் சின்னதாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் நேரம் போட்டுக் கூட்டினா சரியா வந்துடாதா? மோசமா போனா எவ்வளவுன்னும் சேர்த்துப் பார்த்தா?

பிரித்துப் பார்த்தால் கணக்கு உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கும், அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனதுக்கு எட்டிய வேலைகள்தானே பட்டியலில் ஏறும்? எங்கள் தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தைக் கழற்றி மாட்ட நாற்பது வரிப் பட்டியல் போட்டோம். கழற்றிய பிறகுதான் உள்ளே ஒரு சீல் தேய்ந்திருப்பது தெரிந்தது. அது வந்து சேர ஆறு நாள். பட்டியலில் அந்த வரியே இல்லை.

மோசமான கணக்கும் காப்பாற்றாது. கனடாவில் 37 மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள், 1994-ல் வெளிவந்த ஆய்வு அது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலையையும் நாம் அதே நேர்க்கதையிலிருந்துதான் கற்பனை செய்கிறோம்.

பாலக்கோடு: வீடு கட்டறோம். எட்டு மாசத்துல முடிச்சுடலாம்னு மேஸ்திரி சொல்றார். தையில கிரகப்பிரவேசம் வைக்கலாமா? எங்களுக்கு இது முதல் வீடு, பழைய கணக்குன்னு எதுவும் இல்லை.

உங்களிடம் இல்லாவிட்டாலும் மேஸ்திரியிடம் இருக்கிறது அண்ணா. ‘என் வீடு எப்போது முடியும்’ என்று கேட்காதீர்கள். அவர் கடைசியாகக் கட்டிய ஐந்து வீடுகளைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர்களிடம் போய் பூமி பூஜை போட்ட தேதி, பால் காய்ச்சிய தேதி இரண்டை மட்டும் வாங்கி வாருங்கள்.

கானமனே இதில் மாட்டியிருக்கிறார். இஸ்ரேலில் ஒரு பாடநூல் குழுவில் இருந்தபோது, ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முடிப்போம் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். குழுவில் பாடத்திட்ட நிபுணர் ஒருவரும் இருந்தார், அவர் எழுதியதும் அதுவேதான். பிறகு கானமன் அவரிடம், இதே மாதிரி மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். நாற்பது சதவீதம் போல முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து வருடம் ஆனது என்றார் அவர். விவரம் அவர் தலைக்குள்ளேயே இருந்தும் தன் குழுவுக்குத் தேதி சொல்லும்போது அதை அவர் தொடவே இல்லை. அதைக் கேட்ட பிறகும் குழு வேலையைத் தொடர்ந்தது. புத்தகம் முடிய எட்டு வருடம் ஆனது.

ஐந்து வீட்டுத் தேதிகள் கையில் வந்ததும் ‘நம்ம வீடு சின்னது, பணம் தயாரா இருக்கு’ என்று குறைக்கத் தோன்றும். ஒரு மாதத்துக்கு மேல் குறைக்காதீர்கள். அந்த ஐந்து பேரும் தொடங்கும்போது அதையேதான் சொல்லியிருப்பார்கள். பத்திரிகையைத் தரைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அடியுங்கள்.

தர்மபுரி, தையல் கடை: பத்து நாள்னு சொன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்களே தம்பி. அவங்க நாலு நாள்னு சொல்றாங்க.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை அக்கா. பத்து நாள் ஆகும் என்று தெரிந்தே ஐந்து சொன்னால் அது கணக்குப் பிழை இல்லை, வியாபாரம். அதை நோட்டால் திருத்த முடியாது. என்னால் சொல்ல முடிந்தது, நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள்: வாடிக்கையாளரிடம் சொன்ன நாள், உங்கள் மனதறிந்த நாள். இரண்டாவதை வைத்து அந்த வாரம் எத்தனை ஆர்டர் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அடுத்த முகூர்த்த சீசன் முடிந்ததும் அந்த நோட்டின் கணக்கையும் அனுப்புங்கள். எத்தனை பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.