'செக் ஓகே'க்குப் பின்னும் தப்பாக நிற்கும் ஆர்.எல்.

*வணக்கம் சார். டிப்ளமோ சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லெவலிங் ஸ்லைடில் ஒரே கணக்கை ஹெச்.ஐ. முறையிலும் ரைஸ் அண்ட் ஃபால் முறையிலும் போட்டிருக்கிறார்கள். முதலாவது சுருக்கம், இரண்டாவது நீளம். இரண்டுக்கும் கீழே 'செக் ஓகே'. பிறகு நீளமானது எதற்கு? பரீட்சைக்கு எது நல்லது? ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடித்த ரீடிங்கை எப்படி எழுதுவது?*
*— எஸ்.*

அன்புள்ள எஸ்.,

பரீட்சைக்கு, கேள்வியில் எந்த முறை கேட்டிருக்கிறதோ அதைப் போடுங்கள். தலைகீழ் ஸ்டாஃப் ரீடிங்குக்கு முன்னால் மைனஸ் குறி போட்டுவிட்டு வழக்கம்போல் கழியுங்கள், அது தானே கூட்டலாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த 'செக் ஓகே'தான் என்னை உறுத்துகிறது. அது எதைச் சரி என்கிறது என்று கேட்காமலே டிக் போட்டுவிட்டுப் போகிறீர்கள். ஸ்லைடு போட்டவரும் சொல்லவில்லை.

ஒரு சின்ன லெவல் புக்கை எடுத்துக்கொள்வோம். பெஞ்ச்மார்க் 100.000. அதன் மேல் பேக்சைட் 1.245. ஆகவே கருவியின் பார்வைக்கோட்டு மட்டமான ஹெச்.ஐ. 101.245. இன்டர்மீடியட் ரீடிங் ஏ-யில் 1.680, பி-யில் 0.935. சி சேஞ்ச் பாயிண்ட்: ஃபோர்சைட் 2.115, கருவியை மாற்றிவைத்த பின் பேக்சைட் 0.860. பிறகு டி-யில் இன்டர்மீடியட் 1.475, ஈ-யில் கடைசி ஃபோர்சைட் 1.905.

ஹெச்.ஐ.யிலிருந்து ரீடிங்கைக் கழித்தால் அந்தப் புள்ளியின் மட்டம், அதாவது ஆர்.எல்., வரும்: ஏ 99.565, பி 100.310, சி 99.130. புது ஹெச்.ஐ. 99.990, டி 98.515, ஈ 98.085. பேக்சைட் கூட்டல் 2.105, ஃபோர்சைட் கூட்டல் 4.020, வித்தியாசம் −1.915. கடைசி ஆர்.எல்.லிலிருந்து முதல் ஆர்.எல்.லைக் கழித்தாலும் −1.915. செக் ஓகே.

இப்போது பி-யின் ஆர்.எல்.லை 100.130 என்று இலக்கம் மாற்றி எழுதிப் பாருங்கள். செக் அப்போதும் ஓகேதான்! சி-யைப் பி-யிலிருந்து கணக்கிடவில்லை, ஹெச்.ஐ.யிலிருந்து கணக்கிட்டோம். பி-யின் தப்பு பி-யோடு நின்றுவிட்டது. அந்தச் செக் பெஞ்ச்மார்க், சேஞ்ச் பாயிண்ட், கடைசிப் புள்ளி ஆகியவற்றை மட்டுமே தொட்டுப் போகிறது. ரோடு குறுக்குவெட்டிலோ மனையிலோ எடுக்கிற லெவல்களில் பெரும்பகுதி இன்டர்மீடியட்தானே? மண் அளவுக்கு வேண்டியதும் அவைதானே? அவற்றைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ரைஸ் அண்ட் ஃபாலில் ஒவ்வொரு புள்ளியும் முந்தின புள்ளியைப் பிடித்துத்தான் ஏறும், இறங்கும். ஏ-யிலிருந்து பி 0.745 ரைஸ், பி-யிலிருந்து சி 1.180 ஃபால். பி-யை 100.130 என்று எழுதினால் சி 98.950 ஆகி, ஈ 97.905-இல் வந்து நிற்கும். 0.180 இடிக்கும். (மில்லிமீட்டரில் இடிப்பு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.) ரைஸ் கூட்டல் 0.745, ஃபால் கூட்டல் 2.660, வித்தியாசம் அதே −1.915. ரைஸ், ஃபால் கழித்தலில் தவறினால் இந்தக் கூட்டல் காட்டும், ஆர்.எல். கூட்டிக் கழித்ததில் தவறினால் கடைசி ஆர்.எல். காட்டும். நீளத்துக்குக் காரணம் அதுதான்.

ஹெச்.ஐ. முறைதான் வேண்டுமென்றால் இன்னொரு வரி போடுங்கள். ஒவ்வொரு ஹெச்.ஐ.யையும் அதிலிருந்து கழித்த ரீடிங்குகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்: 101.245 × 3, 99.990 × 2. சேர்த்து 503.715. அதில் இன்டர்மீடியட் கூட்டல் 4.090, ஃபோர்சைட் கூட்டல் 4.020 இரண்டையும் கழித்தால் 495.605. முதல் ஆர்.எல். நீங்கலாக மற்ற ஐந்து ஆர்.எல்.களின் கூட்டலும் இதுவாக இருக்க வேண்டும். தப்பான பி-யோடு கூட்டினால் 495.425 வரும், அதே 0.180 குறையும். உங்கள் ஸ்லைடில் இந்த வரி இருக்கிறதா? இருக்காது.

செக்கைப் பக்கத்துக்குப் பக்கம் போடுங்கள். பக்கக் கடைசியில் இன்டர்மீடியட் விழுந்தால் அதை அங்கே ஃபோர்சைட் பத்தியிலும், அடுத்த பக்க முதல் வரியில் பேக்சைட் பத்தியிலும் எழுதிக்கொள்ளுங்கள். இடித்தால் தேட வேண்டியது ஒரே பக்கம். கடைசி ஆர்.எல்.லை அழித்துச் 'சரி'யாக்கும் வேலை மட்டும் வேண்டாம், தம்பி. அது திருட்டு.

இத்தனையும் கணக்கின் செக்தான். பி-யில் ஸ்டாஃப் 1.935 காட்ட, நீங்கள் 0.935 என்று எழுதியிருந்தால், ரைஸ் ஒரு மீட்டர் கூடும், அடுத்த ஃபாலும் ஒரு மீட்டர் கூடும், இரண்டும் அடிபட்டுப்போகும். எந்த முறையும் பிடிக்காது. பெஞ்ச்மார்க்கில் போய் முடித்தாலும் பிடிபடாது, அது சேஞ்ச் பாயிண்ட் தப்பைத்தான் காட்டும். அதற்கு ஆட்டோ லெவலின் மேல்கம்பியையும் கீழ்க்கம்பியையும் படியுங்கள். மேலே 2.060, கீழே 1.810 என்றால் சராசரி 1.935. நடுக்கம்பிக்கு 0.935 என்று எழுதியிருந்தால் அங்கேயே, ஸ்டாஃப் பிடிப்பவர் நகர்வதற்குள் தெரிந்துவிடும்.