ஈ.டி.எஃப். வரவில் திசை சொல்லும் பணம் எவ்வளவு?

கேள்வி: ஸ்பாட் பிட்காயின் ஈ.டி.எஃப்.களுக்கு ஒரே நாளில் 30 கோடி டாலர் வந்திருக்கிறது. பிறகு ஏன் விலை ஏறவில்லை?

நீங்கள் வரவைக் காட்டும் அந்தப் பச்சை எண்ணைப் பார்த்த பிறகே வாங்க நினைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது அமெரிக்கச் சந்தை மூடிய பின், ஃபண்டுகளின் யூனிட்டுகள் எவ்வளவு கூடின என்பதிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே உங்கள் கண்ணில் படும்போது அந்த வாங்கல் பெரும்பாலும் விலையில் சேர்ந்துவிட்டிருக்கும். அதைவிட முக்கியமானது, வந்த பணத்தில் எவ்வளவு விலையேற்றத்தை நம்பி வந்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

பிட்காயின் 60,000 டாலரில் இருப்பதாகக் கொண்டால், 30 கோடி டாலர் என்பது 5,000 பிட்காயின். அந்தத் தொகைக்கு ஈ.டி.எஃப். யூனிட்டுகளை வாங்கும் ஒரு ஹெட்ஜ் ஃபண்ட், அதே நாளில் சிகாகோவின் சிஎம்இ சந்தையில் 1,000 ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை ஷார்ட் செய்யலாம், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி விற்கலாம். ஒரு ஒப்பந்தம் 5 பிட்காயின். ஃபியூச்சர்ஸ் விலை ஸ்பாட் விலையைவிடக் கூடுதலாக இருந்து, ஒப்பந்தம் முடியும் நாளில் இரண்டும் சேர்ந்துவிடுவதால், விலை எந்தப் பக்கம் போனாலும் அந்த இடைவெளி அவர்களுக்கு லாபம். ஒரு கையால் வாங்கியதை மறு கையால் விற்றுவிட்டார்கள். வரவுப் பட்டியலில் முதல் கை மட்டுமே தெரிகிறது.

2025 பிப்ரவரி 25 அன்று இந்த ஃபண்டுகளிலிருந்து 100 கோடி டாலருக்கும் மேல் வெளியேறியபோது, நண்பர் ஒருவர் "பெரிய நிறுவனங்கள் பிட்காயினைக் கைகழுவிவிட்டன" என்று எனக்கு எழுதினார். சந்தா வாங்கிக்கொண்டு நேற்றைய வரவை நாளைய கணிப்பாக விற்கும் குழு ஒன்றில் அவர் படித்தது அது. அப்போது ஃபியூச்சர்ஸ் இடைவெளி சுருங்கி, அதன் ஆண்டு விகிதம் அமெரிக்க அரசுக் கடன்பத்திர வட்டியை நெருங்கியிருந்தது என்பதை அவருக்குக் காட்டினேன். இடைவெளிக்காக வந்தவர்கள் யூனிட்டை விற்று, ஷார்ட்டையும் மூடிவிட்டுப் போக அதுவே போதுமான காரணம். வெளியேறியது முழுவதும் அத்தகைய பணம் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். அந்த வாரக் கடைசியில் விலை 80,000 டாலருக்குக் கீழே போனது, அச்சத்தில் விற்றவர்களும் இருந்தார்கள்.

எனவே வரவைப் பார்க்கும் நாளில் சிஎம்இ ஓப்பன் இன்ட்ரஸ்ட்டையும், அதாவது அங்கே இன்னும் மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். உங்கள் 30 கோடி டாலருக்கு இணையாக அங்கே ஏறத்தாழ 1,000 ஒப்பந்தங்கள் கூடி, இடைவெளியும் குறைந்திருந்தால், வரவின் பெரும்பகுதிக்குத் திசை இல்லை என்று கொள்வதே பாதுகாப்பானது. ஒப்பந்தங்கள் கூடாமல் வரவு மட்டும் பல நாட்கள் தொடர்ந்தால், அதை உண்மையான வாங்கலாக நான் மதிப்பேன். ஆனால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் வேறு காரணங்களாலும் கூடும். ஷார்ட் செய்தது ஹெட்ஜ் ஃபண்டுகள்தானா என்பதை அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஎஃப்டிசியின் வாராந்திர அறிக்கையில் 'லெவரேஜ்டு ஃபண்ட்ஸ்' வரிசையில் காணலாம். செவ்வாய்க்கிழமை நிலவரம் அதில் வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் வெளியாகும்.