யார் கையெழுத்து யாரைக் கட்டும்?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கையில் இரண்டு வேலை. ஒன்று, மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவு. இன்னொன்று, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையின் தொழிலுறவுப் பிரிவு. இரண்டாவதை நினைத்தாலே அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கம், வேலைநிறுத்தம், வாசலில் கூட்டம் என்றுதான் அவர் மனத்தில் படம் ஓடுகிறது. அந்தப் படம் முழுப் பொய் இல்லை. ஆனால் பதினோரு ஆண்டுகள் ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசலில் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் மேசையில் காகிதத்தோடுதான் இருந்தேன். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிகிறதா என்பதுதான் இந்த வேலையில் ஆளை எடைபோடும் கேள்வி.

உங்கள் பாடப் புத்தகத்தில் தொழிற்சங்கம் ஒரு பாடம், கூட்டுப்பேரம் ஒரு பாடம், தகராறுத் தீர்வு ஒரு பாடம் என்று தனித்தனியாக இருக்கும். ஆலையில் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் யார், அது யாரையெல்லாம் கட்டும்?

அண்மையில் நம் ஊரிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சி.ஐ.டி.யு. சார்புடைய புதிய சங்கம் ஒன்று தொழிலாளர்களைத் திரட்டியிருந்தது. ஊதிய உயர்வும் சங்க அங்கீகாரமும் முக்கியக் கோரிக்கைகள். சங்கம் அப்போது பதிவாகியிருக்கவில்லை. பதிவு விண்ணப்பம் இழுபட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் முன்னின்று ஓர் உடன்பாட்டை அறிவித்தார்கள். மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, கூடுதல் தடங்களில் குளிரூட்டப்பட்ட பஸ் என்று பல சலுகைகள் அதில் இருந்தன. கேட்டவர்கள் பலர் போராட்டம் முடிந்தது என்றே நினைத்தார்கள். மறுநாளும் வேலைநிறுத்தம் தொடர்ந்தது.

காரணம் எளிது. நிர்வாகம் கையெழுத்திட்டது ஒரு தொழிலாளர் குழுவோடு. வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கம் அந்தக் காகிதத்தில் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களைப் பொறுத்தவரை அது வேறு யாரோ போட்ட கையெழுத்து. வேலைநிறுத்தம் முடிந்தது அக்டோபர் 15 அன்று, 37 நாட்கள் கழித்து, சங்கத்தையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு. அப்போது ஒப்புக்கொண்டவற்றைப் பாருங்கள். போராடியதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர்கள் உடனே வேலைக்குத் திரும்பி ஒத்துழைக்க வேண்டும். கோரிக்கைகளுக்கு நிர்வாகம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். ரூபாய்க் கணக்கில் முந்தைய உடன்பாட்டைவிட இது சிறியது. ஆனால் இதில் உரியவர்கள் இருந்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரி இறுதியில். அதற்குப் பிறகும் பூசல் ஓயவில்லை என்பது வேறு கதை.

பதிவாகாத சங்கத்தோடு பேச வேண்டியதில்லை என்று உங்கள் மேலாளர் ஒருநாள் சொல்லக்கூடும். சங்கத்தைப் பதிவது ஒரு சட்டத்தின் வேலை, தகராறு எழுவது இன்னொரு சட்டத்தின் வேலை. கணிசமான தொழிலாளர்கள் ஒரு கோரிக்கைக்குப் பின்னால் நின்றால் அது தொழிற்தகராறுதான். பதிவுச் சான்றிதழ் இல்லாததால் அது கரைந்துபோகாது.

இனி நான் நேரில் பட்டது. ஆலையின் பெயர் வேண்டாம். மொத்தம் 412 நிரந்தரத் தொழிலாளர்கள். பெரிய சங்கத்தில் 268 பேர், சிறிய சங்கத்தில் 120 பேர், எதிலும் சேராதவர்கள் 24 பேர். மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் முடிந்து, புதிய கோரிக்கைப் பட்டியல் வந்திருந்தது. ஏழு சுற்றுப் பேச்சு. மாதம் 6,000 ரூபாய் உயர்வு, அதற்குப் பதிலாக ஒரு ஷிப்டுக்கு 46 உருப்படி என்றிருந்த உற்பத்தி அளவு 52 ஆக உயரும். பெரிய சங்கம் ஏற்றது. எங்களுக்கோ அவசரம், ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் கையெழுத்தாக வேண்டும். அதனால் தொழிலாளர் துறைப் பக்கமே போகாமல் எங்கள் கூட்ட அறையிலேயே ஒப்பந்தம் போட்டோம். அப்போதிருந்த தொழிற்தகராறுகள் சட்டத்தின் 18(1) பிரிவில் வரும் இருதரப்பு ஒப்பந்தம் அது. இனிப்பு கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம்.

உயர்வு 412 பேருக்கும் போனது. வம்பு அடுத்த மாதம் தொடங்கியது. சிறிய சங்கத்தின் உறுப்பினர்கள் பணத்தை ‘ஆட்சேபணையுடன்’ வாங்கிக்கொண்டு 46 உருப்படியோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டு நாங்கள் குறிப்பாணை கொடுத்தோம். அவர்களின் செயலாளர் அதற்கு இரண்டே வரியில் பதில் எழுதினார்: ஒப்பந்தத்தில் எங்கள் கையெழுத்து இல்லை, பழைய அளவே எங்களுக்குச் செல்லும். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. 18(1) ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டும். பணத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடமையை 268 பேரிடம் மட்டும் வாங்கியிருந்தோம். ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரண்டு இயந்திரங்களில் ஒருவர் 52, மற்றவர் 46. மேற்பார்வையாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

இதற்கு இருந்த வழி 12(3) ஒப்பந்தம். சமரச நடவடிக்கையின்போது, சமரச அலுவலரின் உதவியோடு ஏற்படும் ஒப்பந்தம் அது. 18(3) பிரிவின்படி ஆலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளர்களையும், நாளை சேரப்போகிறவர்களையும்கூட அது கட்டும். எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்ற கேள்வியே எழாது. இந்த வேறுபாடு ஏன் என்று வகுப்பில் மனப்பாடம் செய்யாமல் யோசித்துப் பாருங்கள். அங்கே நடுவில் ஓர் அரசு அலுவலர் உட்கார்ந்து, இது நியாயமான தீர்வுதானா என்று பார்க்கிறார். கையெழுத்திடாதவர்களின் நலனுக்கும் ஒரு கண் இருக்கிறது என்பதால்தான் அவர்களையும் கட்டும் பலத்தைச் சட்டம் அதற்குத் தந்தது.

எங்கள் மேலாளர் முதலில் என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? போட்ட ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டு போய் அலுவலரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வா என்றார். அது செல்லாது. பாட்டா ஷூ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சமரசம் நடக்கும் காலத்தில் கையெழுத்தானது என்பது மட்டும் போதாது, அலுவலரின் உதவியும் இசைவும் அதில் இருந்திருக்க வேண்டும். வெளியே முடித்துவிட்டு உள்ளே முத்திரை வாங்குவது சமரசம் ஆகாது.

ஆகவே தகராறு முறைப்படி சமரச அலுவலரான தொழிலாளர் உதவி ஆணையர் முன் போனது. இரண்டு சங்கங்களுக்கும் அழைப்பு. நீள மேசை, நடுவில் அவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு செயலாளர்கள். நான்கு அமர்வுகளில் சிறிய சங்கத்தின் உண்மையான குறை வெளியே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்த பழைய இயந்திர வரிசையில் 52 எடுக்கவே முடியாது. எங்கள் ஏழு சுற்றுப் பேச்சில் இதை யாரும் சொல்லவில்லை, பேசியவர்கள் புதிய வரிசைக்காரர்கள். பழைய வரிசைக்கு 49 என்று மாற்றி 12(3) ஒப்பந்தம் எழுதினோம். அன்று அந்தச் செயலாளர் செய்த ஒன்றை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. வரைவு கைக்கு வந்ததும் அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். யார் பெயருக்கு நேராகக் கையெழுத்துக் கோடு இருக்கிறது என்று பார்த்த பிறகே முதல் பக்கத்துக்கு வந்தார்.

இதெல்லாம் பழைய சட்டம்தானே என்று உங்கள் பேராசிரியர் கேட்கலாம். ஆமாம், 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. யாரோடு பேசுவது என்பதற்கு அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பல சங்கங்கள் இருந்தால், தொழிலாளர்களில் 51 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஆதரவு உள்ள சங்கமே தனிப் பேச்சுச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால், குறைந்தது 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுக் குழு. என் ஆலையில் 412-க்கு 51 விழுக்காடு என்றால் 211 பேர். பெரிய சங்கம் 268 பேரோடு எளிதாகத் தாண்டிவிடும், 120 பேர் சங்கத்துக்கு மேசையில் நாற்காலியே இருக்காது. வேலை சுலபமாகிவிட்டது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமரசத்துக்கு வெளியே ஏற்படும் ஒப்பந்தம் உடன்பட்ட தரப்புகளைக் கட்டும், சமரசத்தில் ஏற்படுவது எல்லோரையும் கட்டும் என்ற வேறுபாடு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அதைவிட, பழைய இயந்திரத்தில் 52 வராது என்ற உண்மை, நாற்காலி இல்லாதவரிடம்தான் இருந்தது.

வேறு சில மாற்றங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் உண்டு, 14 நாட்கள். ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் வரும். சமரசம் தோற்றால், வழக்கை அனுப்புவதா வேண்டாமா என்று அரசு முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 90 நாட்களுக்குள் தரப்புகளே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதாவது சமரச அலுவலரின் அறையில் நீங்கள் செலவிடப்போகும் நேரம் கூடும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: புதிதாகச் சேரும் பெண்ணை யாரும் முதல் நாளே பேச்சு மேசையில் உட்கார்த்த மாட்டார்கள். வருகைப் பதிவு, குறிப்பாணை வரைவு, கூட்டக் குறிப்பு, இவற்றோடுதான் முதல் ஆண்டு போகும். கூட்டக் குறிப்பைச் சரியாக எழுதுங்கள். யார் என்ன கேட்டார், யார் எதை மறுத்தார் என்பது பின்னால் உங்கள் குறிப்பிலிருந்துதான் ஒப்பந்தத்தின் ‘வழக்கின் சுருக்கம்’ பகுதிக்குப் போகும்.

ஒரகடத்து நேர்காணல் இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?” என்று அவர்கள் கேட்கும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “நடப்பு ஊதிய ஒப்பந்தம் இருதரப்பா, சமரச அலுவலர் முன் ஆனதா? எப்போது முடிகிறது? எத்தனை சங்கங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன?” ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருந்து, இரண்டு சங்கங்களில் ஒன்று மட்டும் கையெழுத்திட்டிருந்தால், சேர்ந்தவுடன் வேலை கடுமையாக இருக்கும். பதில் சொல்பவர் தடுமாறினால், அந்தக் கோப்பை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பதில்களை எனக்கு எழுதுங்கள், எந்த வேலை என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.