ஐந்து மணிக்கு வந்து நின்ற வேன்

கேள்வி: ஆசிரியர் ஐயா, நான் நுவரெலியாவில் சுற்றுலாக்காரருக்கு வேன் ஓட்டுகிறேன். ஓர் இங்கிலாந்துத் தம்பதியிடம் ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள உலக முடிவு மலை விளிம்பைப் பார்க்கப் போவோமா என்று கேட்டேன். "தட் சவுண்ட்ஸ் லவ்லி. வீல் சீ ஹவ் வீ ஃபீல் இன் த மோர்னிங்" என்றார்கள். விடிய ஐந்து மணிக்குப் போய் நின்றேன். எழும்பவே இல்லை. வெள்ளைக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்பார்களே?
– ஒரு சாரதி, நுவரெலியா

பதில்: யார் தம்பி அப்படிச் சொன்னது? "ஐ ஷல் லுக் இன்ட்டு இட்" என்ற பெரிய துரையின் வாக்கை நம்பி, ஒழுகுகிற லயத் தகரத்துக்குக் கீழே சட்டி வைத்த பரம்பரை நாம். துரை போய்த் தலைவர் வந்தார், தலைவருக்குப் பின் அமைச்சர் வந்தார். வசனம் மட்டும் "கவனத்தில் எடுக்கிறோம்" என்று தமிழாகிவிட்டது. சட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்தப் பத்திரிகை மட்டும் யோக்கியமா? "உங்கள் கவிதை பரிசீலனையில் உள்ளது" என்று நாங்கள் எழுதுவதை நம்பி, மாதா மாதம் இதழ் வாங்கிப் பக்கம் புரட்டுகிற கவிஞர்கள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உண்டு. விற்பனைக்கு அவர்கள் பெரும் உதவி.

ஆனால் உங்கள் தம்பதி பொய் சொல்லவில்லை. முதல் நாள் மாலையே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் புகழ்ந்தது இடத்தை. வருகிறோம் என்ற சொல் எங்கே இருக்கிறது? முடிவைக் காலையில் உடம்பு எப்படி இருக்கிறதோ அதன் தலையில் கட்டியாயிற்று. அதோடு யாரும் வாதாட முடியாது, அதற்காகத்தான் அது.

வருகிறவர் என்ன செய்வார்? எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார். உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் மூடிவிடும், பிறகு போனால் பள்ளத்தாக்கே தெரியாது. போக நினைக்கிறவருக்கு நேரம் முக்கியம். நேரத்தைக் கேட்காதவர் போக நினைக்கவில்லை.

அடுத்தது வாய் திறக்க எடுக்கும் நேரம். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி, சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். சம்மதம் அந்த வேகத்தில் வரும். மறுப்பு சற்றுத் தாமதித்து, "வெல்...", "ஆக்சுவலி..." என்று இழுத்து, ஒரு புகழ்ச்சி, ஒரு "பட்", ஒரு காரணம் என்று வரிசையாக வரும். "நோ" என்ற சொல் கடைசி வரை வராது. முப்பது நாளில் ஆங்கிலம் என்று மதில் மதிலாக நோட்டீஸ் ஒட்டுகிற வாத்திமாரோடு எனக்குள்ள பழைய சண்டையே இதுதான். வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், அதற்கு முன்னால் வரும் மௌனத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

உண்மையிலேயே வர விரும்பி முடியாமல் போனவரையும் கண்டுபிடிக்கலாம். அவர் தானாகவே வேறு நாள் சொல்வார்: "நொட் டுமோரோ, பட் தேர்ஸ்டே?" வெறும் "சம் அதர் டைம்" என்றால் அந்த நாள் எந்தக் கலண்டரிலும் இல்லை.

அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: "ஐ நீட் டு கன்ஃபேர்ம் த வேன் பை எய்ட் டுநைட். ஷல் ஐ புக் இட், ஓர் வுட் யூ ரேதர் லீவ் இட்?" எட்டு மணி என்ற கெடுவும் இருக்கிறது, சங்கடமில்லாமல் மறுக்க ஒரு கதவும் இருக்கிறது. "யெஸ், ப்ளீஸ்" வந்தால் டீசல் அடியுங்கள். "தட்ஸ் வெரி கைண்ட் ஒஃப் யூ" என்று மட்டும் வந்து ப்ளீஸ் வராவிட்டால், அல்லது "டோன்ட் கோ டு எனி ட்ரபிள்" என்றால், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். பதிலே இல்லாவிட்டாலும் அதே தூக்கம்தான்.

எல்லா வெள்ளைக்காரருக்கும் இந்த அளவுகோலை வைக்க வேண்டாம். ஜெர்மன்காரர், ஒல்லாந்துக்காரர் பலர் "வீல் சீ" என்றால் பார்க்கத்தான் போகிறார்கள். அமெரிக்கர் சாப்பாட்டை "குவைட் குட்" என்றால் சமையல்காரர் சிரிக்கலாம். அதையே ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் சுமார் என்றுதான் கணக்கு. கிண்டலைப் பிடிப்பது இன்னும் சுலபம்: கண்முன்னே உள்ளதற்கும் புகழ்ச்சிக்கும் பொருத்தமே இருக்காது. ரம்பொடை வளைவில் டயர் வெடித்தபோது "ஓ, பிரில்லியன்ட்" என்றால் தயவுசெய்து நன்றி சொல்லிவிடாதீர்கள்.

குறைத்துச் சொல்வதில் ஆங்கிலேயரை யாரும் மிஞ்ச முடியாது. 1982 ஜூனில் ஜாவாவுக்கு மேலே எரிமலைச் சாம்பலில் சிக்கிய பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானத்தில், கப்டன் எரிக் மூடி பயணிகளிடம் "எங்களுக்கு ஒரு சிறிய பிரச்சினை" என்றார். நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன என்பதை அடுத்த வசனத்தில்தான் சொன்னார். பின்னர் இயந்திரங்கள் உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. ஆகவே வேனில் ஏறிய ஆங்கிலேயர் "ஐம் எ பிட் கன்சேர்ன்ட் அபவுட் த ப்ரேக்ஸ்" என்றால், மறு பேச்சுப் பேசாமல் வண்டியை ஓரங்கட்டுங்கள்.