அரபு மொழியின் சஜ்உ எனும் எதுகை உரைநடை

செவ்வியல் அரபியில் சஜ்உ என்பது உரைநடையா, கவிதையா?

உரைநடைதான். சின்னச் சின்ன வாக்கியங்கள் ஒரே ஓசையில் முடியும். யாப்பு மட்டும் இருக்காது. இஸ்லாத்துக்கு முந்தைய குஸ் இப்னு ஸாஇதாவின் பேச்சாகச் சொல்லப்படுவது: "மன் ஆஷ மாத், வ மன் மாத்த ஃபாத்." வாழ்ந்தவன் இறப்பான், இறந்தவன் போய்விடுவான். தொடர்ந்து வாசித்தால் "மாத்த, ஃபாத்த" என்றிருக்கும். நிறுத்தும்போது கடைசி உயிர் உதிர்கிறது. இந்த நிறுத்தத்தில்தான் சஜ்உவின் எதுகை பிறக்கிறது.

கவிதையில் நெடில், குறில் வரிசை அளந்து வைக்கப்படும். ஒவ்வொரு வரியும் இரண்டு பாதி. இம்ருல் கைஸின் நெடும்பாடல் முழுவதும் "லி" என்றே முடிகிறது. சஜ்உவில் இரண்டு, மூன்று வாக்கியங்களுக்குப் பின் ஓசை மாறலாம்.

கவிதை, ராணுவ அணிவகுப்பு. ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழ வேண்டும். சஜ்உ, நண்பர்களின் உலா. நடை அவரவர் விருப்பம், தெருமுனையில் மட்டும் சேர்ந்து நிற்பார்கள்.

காஹின் எனப்பட்ட குறிசொல்லிகள் இதில் பேசினார்கள். பிறகு பிரசங்கம், அரசவைக் கடிதம், ஹமதானி, ஹரீரி எழுதிய மகாமாத் கதைகள் என இது பரவியது. கதைகளில்தான் இதன் குறும்பு முழுதாகத் தெரியும்.

எதுகை இருந்தாலே கவிதை என்று பலர் நினைக்கிறார்கள். அரபு இலக்கணத்தில் யாப்பும் வேண்டும்.