எதிரொலிக்கும் மண்டபத்தில் உகப்படிப்புப் பதிவு: ஒரே ஒரு காலர் மைக் கொண்டு என்ன செய்யலாம்?

கேள்வி (அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து, தாங்கல் பணிகளில் உதவும் இளைஞர்): அய்யாவழி வழிபாட்டிடமான எங்கள் நிழல் தாங்கலின் மண்டபம் 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கைதட்டினால் ஒலி அடங்க இரண்டரை நொடி ஆகிறது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் எங்கள் வழிபாட்டுப் பாடமான உகப்படிப்பைப் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. காலர் மைக்கை முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துப் பார்த்தோம், பயனில்லை. படிப்பவர் சட்டை அணிவதில்லை என்பதால் காலரிலும் மாட்ட முடியாது. எங்கே மாட்டலாம், அண்ணன்?

பதில்: படிப்பவரின் தலைப்பாகையில் மாட்டுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்ற முடிவுகளை நீங்களே எடுக்கலாம்.

வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வரும் ஒலியோ, மண்டபத்தில் எங்கே நின்றாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். இரண்டும் சமமாகும் தொலைவு ஒன்று ஒவ்வொரு மண்டபத்துக்கும் உண்டு. மண்டபத்தின் கனஅளவை எதிரொலி அடங்கும் நொடிகளால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057 ஆல் பெருக்கினால் அந்தத் தொலைவு மீட்டரில் கிடைக்கும். உங்கள் மண்டபம் 480 கனமீட்டர், இரண்டரை நொடியால் வகுத்தால் 192, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14, பெருக்கினால் 0.8. அதாவது 80 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்கும் மைக், படிப்பவரின் குரலைவிட மண்டபத்தையே அதிகம் கேட்கும். காதால் கணித்த இரண்டரை நொடி துல்லியமானதன்று என்றாலும், முடிவு பெரிதாக மாறாது. ஸ்டூல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்திருந்தால், எதிரொலி குரலைவிட 5 டெசிபலுக்கும் மேல் ஓங்கியிருக்கும். அதே மைக் வாயிலிருந்து 12 சென்டிமீட்டரில் இருந்தால், குரல் எதிரொலியைவிட ஏறத்தாழ 16 டெசிபல் ஓங்கி நிற்கும்.

தலைப்பாகையின் முன்விளிம்பு வாயிலிருந்து கிட்டத்தட்ட அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. நாடக மேடையில் நடிகர்களின் முடியோரத்தில் சிறு மைக்கை ஒளித்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி மாறாது. மூச்சுக்காற்று நேராக மோதாததால் 'ப' போன்ற ஒலிகள் வெடிக்காது. மார்பில் மாட்டினால் தாடையின் மறைவில் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதி குறைந்து சொற்கள் மழுங்கும். நெற்றியில் அந்தக் குறை மிகக் குறைவு.

மாட்டும்போது மைக்கின் தலை துணிக்கு வெளியே அரை சென்டிமீட்டர் தெரிய வேண்டும். மடிப்புக்குள் புதைந்தால் ஒலி மூடிக்கொள்ளும். நெற்றியில் நாமம் இருப்பதால் நடுவில் வைக்காமல் இரண்டு விரற்கடை பக்கவாட்டில் வையுங்கள். திருநாமமும் கலையாது, அதன் பொடி மைக்கின் துளைக்குள்ளும் போகாது. ஒயரைத் தலைப்பாகையின் உள்மடிப்பு வழியாகப் பின்னால் கொண்டுபோய், முதுகு வழியாக இறக்கி, போனை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். தலைப்பாகை வழிபாட்டின் பகுதி என்பதால், பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், மருத்துவ ஒட்டுநாடாவால் கழுத்தெலும்புக்குக் கீழே மார்பில் ஒட்டுவது அடுத்த வழி.

கேள்வி (கோட்டாறு, தேவாலயப் பாடற்குழு உறுப்பினர்): மலிவான காலர் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும். குறை மைக்கில்தான் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக் வாங்கினாலே போதும் என்பது என் கருத்து.

பதில்: முதல் பாதி சரிதான். ஒருதிசை மைக் எதிரொலியைக் குறைவாகவே வாங்கும். அதே தெளிவை ஏறத்தாழ 1.7 மடங்கு தொலைவிலிருந்து தரும். ஆனால் அந்த ஆதாயம், மைக்கை 20 சென்டிமீட்டரிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு நகர்த்தினாலே கிடைத்துவிடுகிறது. மேலும் உடலில் மாட்டும்போது வாய் அதன் நேர்த்திசையில் இருக்காது; தலை திரும்பினால் குரலின் தன்மையே மாறும்; காற்றும் துணி உரசலும் அதில் மிகுதியாகக் கேட்கும். உடலில் மாட்டும் பதிவுக்கு எத்திசை மைக்கே எனக்கு நம்பிக்கையானது. ஸ்டாண்டில் நிற்கும் பாடகருக்கு உங்கள் யோசனையே சிறந்தது.

கேள்வி (குழித்துறை, கல்லூரி மாணவி): மைக்கைச் செருகிய பிறகும் அதே எதிரொலிதான் வருகிறது. அதிலும் படிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் மேலெழுந்து வருகின்றன. மைக் பழுதாக இருக்குமோ?

பதில்: இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பகுதியைச் சுரண்டுங்கள். இரண்டாவது சுரண்டல் பலமாகப் பதிவானால், போன் காலர் மைக்கை ஏற்கவே இல்லை. தன் சொந்த மைக்கில்தான் பதிகிறது. போனுக்கான மைக்கின் செருகியில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும்; இரண்டே இருந்தால் அது கேமராவுக்கானது. டைப்-சி துளை மட்டும் உள்ள போன்கள் பலவற்றில், உள்ளே சிப் இல்லாத கன்வெர்ட்டர் வேலை செய்யாது.

நிறுத்தங்களில் சத்தம் மேலெழுவது பழுதன்று. ஒலி குறைந்தவுடன் போன் தானாகவே அளவை ஏற்றிவிடுகிறது. உறுதி செய்ய, ஒரு வரியை உரக்கப் படித்துவிட்டு பத்து நொடி அமைதியாக இருங்கள். விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல வளர்ந்தால் காரணம் அதுதான். மைக்கை வாய்க்கு அருகில் வைத்து நாம் சம்பாதித்த 16 டெசிபலை இந்தத் தானியங்கி ஏற்றம் சொல்லுக்குச் சொல் அழித்துவிடும். ஆகவே அதை நிறுத்தும் வசதியுள்ள பதிவுச் செயலி தேவை. அமைப்புகளில் `Auto gain` என்பதை அணைத்துவிட்டு, ஒலி மூலமாக `Unprocessed` அல்லது `Voice recognition` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் இவ்விரண்டும் ஒலியைத் திருத்தாமல் தருவதற்கென்று உள்ளவை. ஆனாலும் எல்லாப் போன்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதால் மீண்டும் அந்தப் பத்து நொடிச் சோதனையைச் செய்துவிடுங்கள். மிக உரத்த வரி -12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்து, WAV கோப்பாகப் பதியுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட மறக்க வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம், பள்ளி ஆசிரியை): சுவரில் தெர்மாகோலும் முட்டை அட்டைகளும் ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்கிறார்களே, ஐயா?

பதில்: தெர்மாகோல் ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், அதன் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளே புகாது. முட்டை அட்டை கூர்மையான மேல்ஒலிகளைச் சற்றுக் குறைக்கும். ஆண் குரலின் கனமான பகுதியைத் தொடாது. உறிஞ்ச வேண்டுமென்றால் காற்று புகும் தடிமன் வேண்டும். படிப்பவருக்கு எதிரே உள்ள சுவரில் இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து, அவர் அமரும் இடத்தில் கனத்த ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரியுங்கள். கோரைப்பாய் மெலிது, அதனால் பயன் குறைவு. சுவருக்கு அருகிலோ மூலையிலோ அவரை அமர்த்த வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடச் செலவில்லாத ஒன்று உண்டு: சன்னல்களையும் கதவுகளையும் திறந்துவிடுவது. வெளியே போன ஒலி திரும்பி வராது. மண்டப ஒலியியலுக்கு அடித்தளமிட்ட வாலஸ் சபைன், 1890களில் ஹார்வர்டில் இருக்கை மெத்தைகளைக் கொண்டு செய்த ஆய்வில், திறந்த சன்னலையே உறிஞ்சலின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். சாலைச் சத்தம் தொடங்கும் முன் அதிகாலையில் இது நன்றாகப் பயன்படும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள், காற்று வரும் பக்கத்தை மூடி மறுபக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியும் கட்டாயம்.

கேள்வி (தக்கலை, கோயில் விழாக்குழு உறுப்பினர்): எங்கள் மண்டபத்திலும் இதே தொல்லைதான். மைக்கைத் திறந்தாலே ஸ்பீக்கர் கீச்சென்று கத்துகிறது.

பதில்: அது வேறு சிக்கல். ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுவதால் வருவது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி, கேட்பவர்களை நோக்கித் திருப்பி வைத்து, அளவைக் குறைக்க வேண்டும். இங்குள்ள பேச்சுக்குத் தொடர்பான ஒன்று மட்டும் சொல்கிறேன்: பதிவின்போது ஸ்பீக்கரை முழுதாக அணைத்துவிட வேண்டும்.

கேள்வி (மீண்டும் அகஸ்தீஸ்வரம் இளைஞர்): பெரியவர்கள் அனுமதித்தார்கள், தலைப்பாகையில் மாட்டினோம். குரல் தெளிவாக வருகிறது. ஆனால் தலை அசையும்போது கரகரப்பு கேட்கிறது. கடைசியில் குரல் மங்கிவிட்டது. அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் பன்னிரண்டு பேர் திருப்பிச் சொல்கிறோம். எங்கள் குரல் மட்டும் இன்னும் தொலைவில்தான் கேட்கிறது.

பதில்: கரகரப்பு ஒயரின் வழியே வருகிறது. மைக்குக்கு அருகிலேயே ஒயரை ஒரு சிறு வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தையும் கிளிப்புக்குள் சேர்த்துக் கவ்வ வைத்தால், கீழே ஒயர் இழுபட்டாலும் அசைவு மைக்கை எட்டாது. கடைசியில் மங்கியது வியர்வை துளையை அடைத்ததால்தான். பஞ்சுத் தொப்பியைப் போட்டு, மைக்கின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். இடைவேளையில் தொப்பியை மாற்றிவிடுங்கள்.

பன்னிரண்டு பேரின் குரல் தொலைவில் கேட்பது அந்த 80 சென்டிமீட்டர் கணக்கின் விளைவுதான். அவர்களை இரண்டு வரிசையாக, படிப்பவருக்கு முன்னால் அரைவட்டத்தில், முன்வரிசை முழங்கால் தொடும் அளவுக்கு நெருக்கி அமர்த்துங்கள். இதனால் ஓரளவே சரியாகும். ஒரே மைக்கில் பன்னிரண்டு பேரையும் நெருக்கத்தில் கொண்டுவர முடியாது. சொல்பவர் அருகிலும் திருப்பிச் சொல்பவர்கள் சற்றுத் தள்ளியும் கேட்பது, உகப்படிப்பின் அமைப்புக்குப் பொருந்தவே செய்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி (நாகர்கோவில், ஸ்டூடியோ உதவியாளர்): இவ்வளவு பாடு எதற்கு? ஆடாசிட்டியில் `Noise Reduction` போட்டால் எதிரொலி போய்விடாதா?

பதில்: போகாது. அந்தக் கருவி, விசிறி இரைச்சல்போல் மாறாமல் நிற்கும் ஒலியை அடையாளம் கண்டு குறைக்கும். எதிரொலி என்பது அந்தக் குரலேதான். பிரிக்க முயன்றால் குரலும் சேர்ந்து குழைந்து, நீருக்கடியில் பேசுவதாக மாறும். `High-Pass Filter` கொண்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதுமானது.

கேள்வி (சுசீந்திரம், தேவாரம் பாடும் பெரியவர்): கல் மண்டபத்தில் பாடுவதே அந்தக் கார்வைக்காகத்தான். அதை முழுதும் நீக்கிவிட்டால் பாட்டு வறண்டுபோகாதா, தம்பி?

பதில்: ஐயா, இதில் எனக்கும் ஒரு முடிவான விடை கிடையாது. சொல் தெளிய வேண்டிய படிப்புக்கு ஒரு அளவு, இழுத்துப் பாடும் பண்ணுக்கு வேறு அளவு. அதைப் பாடுபவரின் காதுதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் உறுதி: தெளிவான பதிவில் பிறகு கார்வையைச் சேர்க்கலாம், கார்வை மூழ்கடித்த பதிவிலிருந்து சொல்லை மீட்க முடியாது. ஆகவே காலர் மைக் பதிவோடு, இன்னொரு போனை ஏழு மீட்டர் தள்ளித் துணிமேல் வைத்து, அதன் சொந்த மைக்கில் மண்டபத்தைத் தனியாகப் பதியுங்கள். தொடங்கும்போது ஒரு முறை கைதட்டினால் இரண்டையும் கணினியில் ஒருங்கே நிறுத்தலாம். மண்டபப் பதிவை முதலில் 20 டெசிபல் கீழே வைத்துக் கேட்டு, வேண்டிய அளவுக்கு ஏற்றுங்கள். இரண்டு போன்களின் கடிகாரமும் சரிசமமாக ஓடாததால் நீண்ட பதிவில் சற்று விலகும்; அதனால் ஒவ்வொரு பதிகத்தின் தொடக்கத்திலும் மறுபடி ஒரு முறை கைதட்டிக்கொள்ளுங்கள்.