சாந்தி யார்? – பழைய கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி

வணக்கம்.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில், மௌல்மேனில் கொண்டுவிற்கப் போனவர். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் வம்சாவளிக் குறிப்புக்காக அவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்கிறான். பல சொற்களை ஊகித்துத்தான் படிக்க முடிகிறது. ஊகித்ததை எழுதலாமா, கோடு போட்டுவிட்டுப் போகலாமா? ஒரு கடிதத்தை அவனே எழுத்துக்கூட்டிப் படித்து, "1914, சாந்தி கல்யாணம்" என்று பதிந்துவிட்டான். அப்படி ஒருவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. படத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊகித்ததை எழுதுங்கள். ஆனால் அது எந்த வகை ஊகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்தே தெரியாமல் ஊகிப்பது ஒன்று. எழுத்து தெளிவாக இருந்தும் பொருள் பிடிபடாமல் ஊகிப்பது இன்னொன்று. பொருளும் தெரிந்து, அது யாரைக் குறிக்கிறது, எந்த வருஷம் என்று நாமே கணக்குப் போடுவது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விக்குறியைப் போட்டால், பின்னால் வருபவருக்கு எதைச் சரிபார்க்க வேண்டும் என்றே தெரியாது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆங்கிலத்தை மறந்துவிட்டு, கடிதத்தைத் தமிழில் வரிக்கு வரி படியெடுங்கள். வரிக்கு எண் போடுங்கள். உங்கள் ஐயா புள்ளி வைப்பதில்லை. அந்தக் காலத்தில் கைப்பழக்கமாக எழுதியவர்கள் பலரும் அப்படித்தான். நீங்களும் முதல் படியில் புள்ளி வைக்காதீர்கள். "அவாகள" என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். காலும் ரகரமும் ஒரே உருவம் என்பதால் அது "அவர்கள்" என்று நமக்குத் தெரியும். ஆனால் புள்ளி வைக்கும் இடத்திலேயே நம் ஊகம் தொடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே இரண்டாவது வரியாகப் புள்ளி வைத்த வடிவத்தை எழுதுங்கள்.

எழுத்து பிடிபடாத இடங்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லாக் கடிதங்களின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: சிவமயம், நலம் விசாரிப்பு, "இவ்விடம் அனைவரும் க்ஷேமம்" என்பது மாதிரி. அந்த வரிகள் நமக்கு முன்பே தெரியும். அவற்றிலிருந்து அவருடைய ன, ள, ண, ர, ற ஒவ்வொன்றையும் பெரிதாக்கி வெட்டி ஒரு தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு "மகன்" என்றா "மகள்" என்றா என்று சந்தேகம் வரும்போது அந்தத் தாளோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் முடிவாகவில்லை என்றால் [மகன்/மகள்] என்று இரண்டையும் சதுர அடைப்பில் போடுங்கள். ஒரு வாசிப்பு மட்டும் இருந்து, அதுவும் உறுதியில்லை என்றால் சொல்லை ஒட்டி [?]. ஒன்றுமே தெரியவில்லை என்றால் [...] போட்டு, ஏறக்குறைய எத்தனை எழுத்து அளவு இடம் என்று குறியுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது, வளைந்த அடைப்பு இருந்தால் அது ஐயா போட்டது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரி, தேதிக்கு வருவோம். தலைப்பில் இருக்கும் உ பிள்ளையார் சுழி. அதைப் பக்க எண் இரண்டு என்று உங்கள் தம்பி குறித்திருக்கிறார், எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே நான் படிப்பது இது:

பிரமாதீ[...] ௵ தை ௴ ௮ ௳ ஞா

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. அகரம் போல இருப்பது தமிழ் எண் எட்டு. "ஞா" ஞாயிற்றுக்கிழமை. சிக்கல் வருஷத்தின் பெயரில்தான் இருக்கிறது. "தி" என்பதா "தீ" என்பதா தெளிவில்லை, அதற்குப் பின் மடிப்பில் மை போய்விட்டது. அறுபது வருஷப் பெயர்களில் பிரமாதீச என்று ஒன்றும் பிரமாதி என்று ஒன்றும் உண்டு. முன்னது 1913-14, பின்னது 1939-40. தம்பி முன்னதை எடுத்துக்கொண்டார். தை மாதம் ஜனவரி நடுவில் பிறப்பதால் இரண்டாவது பாதி ஆண்டைக் கொண்டு 1914 என்று போட்டது முறைதான். இதே போலக் குழப்பும் இணைகள் இன்னும் உண்டு: விரோதி–விரோதிகிருது, குரோதி–குரோதன, பிரபவ–பராபவ. மற்ற கடிதங்களிலும் கவனமாக இருங்கள்.

இங்கே நம்மைக் காப்பாற்றுவது கிழமை. தை எட்டு என்பது ஜனவரி 21-ஐ ஒட்டி வரும். 1914-இல் ஜனவரி 21 புதன்கிழமை, 1940-இல் ஞாயிற்றுக்கிழமை. சங்கராந்தி கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், ஆனால் ஒரு நாள் நகர்ந்து புதன் ஞாயிறாகிவிடாது. அந்த "ஞா" தெளிவாக இருப்பதால் நான் 1940 என்கிறேன். இன்னொரு சாட்சியும் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே பர்மாவின் பெயர் போட்ட தபால்தலைகள் வந்துவிட்டன. 1914-இல் மௌல்மேனில் ஒட்டப்பட்டது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்தியத் தபால்தலையாகத்தான் இருக்கும். உறையைத் தேடுங்கள். எந்த உறைக்குள் எந்தக் கடிதம் இருந்தது என்பதை, வெளியே எடுப்பதற்கு முன்பே படம் பிடித்துவிடுங்கள். பிரித்துத் தனித்தனியாக அடுக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

இப்போது அந்தச் சாந்தி. ஒன்பதாவது வரி எனக்குத் தெரிவது இப்படி:

௸யாா சாநதிககு மாசி ௴ நாள வைததிருககிறது

ஓர் எழுத்திலும் சந்தேகம் இல்லை. "மேற்படியார் சாந்திக்கு மாசி மாதம் நாள் வைத்திருக்கிறது." தம்பி இதில் சாந்தி என்ற பெண்ணைக் கண்டார். நாள் வைத்தது கல்யாணத்துக்கு என்று எடுத்துக்கொண்டார். அப்படியும் படிக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செட்டிநாட்டுப் பக்கம் வெறுமனே "சாந்தி" என்றால் முதலில் நினைவுக்கு வருவது அறுபதாம் கல்யாணம். சாந்தி முகூர்த்தம் என்ற மூன்றாவது பொருளும் இருக்கிறது. "மேற்படியார்" யார்? ஏழாவது வரியில் பெரியப்பச்சியைப் பற்றிப் பேசுகிறார், இடையில் வேறு ஆள் வரவில்லை. பத்தாவது வரியில் "இருவருககும வேஷடி சேலை" அனுப்புவதாக எழுதுகிறார். வயதில் மூத்த ஒருவர், அவரோடு அவர் மனைவி, இருவருக்கும் புதுத்துணி. சேர்த்துப் பார்த்தால் இது பெரியப்பச்சியின் அறுபதாம் கல்யாணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அது சரியென்றால் உங்கள் வம்சாவளிக்கு இல்லாத ஓர் அத்தை போய், ஒரு பிறந்த ஆண்டு கிடைக்கிறது. அறுபது நிறையும்போது பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பி வரும். பிரமாதி மாசியில் சாந்தி என்றால் அவர் முந்தைய பிரமாதியில், அதாவது 1880 பிப்ரவரி–மார்ச்சில் பிறந்திருக்க வேண்டும். ஆனால் இந்த 1880 கடிதத்தில் எங்கும் இல்லை. வருஷத்தின் பெயர், சாந்தி என்பதன் பொருள், மேற்படியார் யார் என்ற மூன்று முடிவுகளின் மேல் அது நிற்கிறது. அறுபது தொடங்கும்போதே உக்ரரத சாந்தி செய்பவர்களும் உண்டு, அப்படியானால் ஓர் ஆண்டு தள்ளும். எழுபதில் செய்யும் பீமரத சாந்தி என்றால் பத்து ஆண்டு போய்விடும்.

ஆகவே ஆங்கிலத்தில் இந்த வரியை நான் இப்படி எழுதுவேன்:

```
The said person's [=periyappacci, line 7?] santi
[60th-year rite; or a woman's name?] has been
fixed for the month of Masi.
```

"சாந்தி" என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் வைத்து, பொருளை அடைப்பில் தருகிறேன். பெரியப்பச்சியும் அப்படித்தான். அப்பச்சி என்றால் உங்களுக்கு அப்பா, கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பா. முறைப்பெயரை வெறும் ஆங்கிலமாக்கிவிட்டால், எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று பிறகு சரிபார்க்க வழி இருக்காது.

அப்புறம் தம்பியின் மென்பொருள். சந்தேகம் பெரும்பாலும் காணாமல் போவது அங்கேதான். மொழிபெயர்ப்பில் அடைப்பு, கேள்விக்குறி எல்லாம் இருக்கும். பதிவில் ஆண்டு மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கும். அவர் பயன்படுத்துவது ஜெட்காம் வடிவம் என்றால் அதிலேயே இதற்கு இடம் உண்டு:

```
1 BIRT
2 DATE CAL 1880
2 SOUR @S12@
3 PAGE Letter 12, line 9
3 QUAY 1
3 NOTE Assumes santi = 60th-year rite
```

`CAL` என்றால் எழுதிவைக்கப்பட்ட தேதி இல்லை, கணக்கிட்டது. `QUAY` சான்றின் தரம், 0 முதல் 3 வரை. 3 நேரடிச் சான்று, 1 ஐயத்துக்குரியது. கடிதம் அசலாயிற்றே என்று அவர் 3 போடக்கூடும். கடிதம் அசல்தான், ஆனால் இந்த ஆண்டு கடிதம் சொன்னது இல்லை. கடிதத்தின் எண்ணையும் வரியின் எண்ணையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

சாந்தி என்ற பெண்ணின் பதிவை நீக்கிவிடலாம், ஆனால் கடிதத்தின் குறிப்பில் "தனிப்பெயராகவும் படிக்கலாம்" என்பது இருக்கட்டும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கல்யாணம் என்றால் கோயில் மாலை வாங்கியிருப்பார்கள், இசைகுடிமானம் எழுதியிருப்பார்கள். பெண் போய்ச் சேர்வது கணவன் வீட்டுக் கோயிலில் என்பதால் உங்கள் கோயிலில் மட்டும் தேடிப் பயனில்லை. மொய்ப்பண ஏடு பெட்டியில் இருந்தால் 1940 மாசிப் பக்கத்தைப் புரட்டுங்கள், என்ன விசேஷம் என்று தலைப்பிலேயே எழுதியிருப்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் காட்டும்போது "இது சாந்தி கல்யாணம்தானே?" என்று கேட்காதீர்கள். படத்தைக் கையில் கொடுத்து, வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதை, யார் சொன்னது, என்றைக்கு என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். பதினான்காவது வரிக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய படத்தில் வெளிச்சம் பட்டு எழுத்து வெளுத்துவிட்டது. பிளாஷ் போடாமல், ஜன்னல் பக்கத்தில் வைத்து, தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.